அந்தமானில் இறப்பு விகிதம் குறைவாகத் தெரிவது ஏன்? புள்ளிவிவரங்களுக்குள் மறைந்திருக்கும் வயதுக் கணக்கு

கொரோனா பெருந்தொற்றால் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 129 பேர் உயிரிழந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. 2022-ஆம் ஆண்டு இறுதி வரையிலான எண்ணிக்கை இது. அதே காலத்தில் தமிழகத்தில் பதிவான உயிரிழப்புகள் 38 ஆயிரத்துக்கும் சற்று அதிகம். தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம் என்றும் தமிழகத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.65 கோடி என்றும் கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு அந்தமானில் 32 பேரும் தமிழகத்தில் சுமார் 50 பேரும் இறந்துள்ளனர்.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், தமிழகத்தைவிட அந்தமானில் நோய்த் தடுப்பும் சிகிச்சையும் சிறப்பாக இருந்தன என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரு பகுதிகளிலும் வாழ்பவர்களின் வயது ஒன்றுபோல் உள்ளதா?

இல்லை என்பதே விடை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அவர்கள் சுமார் 6.7 சதவீதம் மட்டுமே. கொரோனாவோ முதியவர்களை அதிகம் பலிகொண்ட நோய். முதியவர்கள் குறைவாக உள்ள இடத்தில், மருத்துவ வசதி எப்படி இருந்தாலும், மொத்த உயிரிழப்பு குறைவாகவே பதிவாகும். இவ்வாறு ஒப்பீட்டின் ஊடே புகுந்து, வேறொன்றின் விளைவைத் தன்னுடையதாகவும் தன் விளைவை வேறொன்றினுடையதாகவும் காட்டும் அம்சத்தைப் புள்ளியியலாளர்கள் ‘குழப்பக் காரணி’ என்கின்றனர். நோய், இறப்பு தொடர்பான ஒப்பீடுகளில் வயதே மிகப் பெரிய குழப்பக் காரணியாகும்.

இளையவர்களின் தீவு

அந்தமானின் மக்கள்தொகை இளமையாக இருப்பதற்குக் காரணம் அதன் குடியேற்ற வரலாறு. 1858-இல் ஆங்கிலேயர்கள் அங்கு கைதிகள் குடியிருப்பை நிறுவினர். நாடு கடத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வயது வந்த ஆண்கள். விடுதலைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் அங்கு குடியமர்த்தப்பட்டன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். துறைமுகம், கட்டுமானம், மீன்பிடித் தொழில், அரசுப் பணி ஆகியவற்றைத் தேடி தமிழகம், ஆந்திரம், வங்கம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் தொடர்ந்து கப்பலேறினர். இன்று தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ்.

1951-இல் 30,971 ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை 2011-இல் 3,80,581 ஆக உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு வளர்ச்சி. பிறப்பால் மட்டும் இத்தகைய வளர்ச்சி ஏற்படாது. குடியேற்றமே அதன் பெரும் பகுதி. பிழைப்புத் தேடிக் கப்பலேறுபவர்கள் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள். எழுபது வயதில் புது ஊருக்குக் குடிபெயர்பவர் அரிது. 2011-இல் தீவுகளில் 1,000 ஆண்களுக்கு 876 பெண்களே இருந்தனர் என்பதும் உழைக்கும் வயது ஆண்களின் வருகையைச் சுட்டும் அடையாளமாகும்.

கேரளமும் பீகாரும்

வயதின் விளைவு கொரோனாவோடு நிற்பதன்று. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டு விவரப்படி, கேரளத்தில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 7 பேர் இறந்தனர். பீகாரில் அது 5.4 மட்டுமே. நாட்டின் சராசரி 6. ஆண்டின் மொத்த இறப்புகளை மொத்த மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் இந்த எண் ‘பொது இறப்பு விகிதம்’ எனப்படும்.

இந்த எண்ணை அப்படியே ஏற்றால், கேரளத்தைவிடப் பீகாரில் வாழ்வது பாதுகாப்பானது என்றாகிவிடும். ஆனால் அதே ஆண்டில் கேரளத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் 6 குழந்தைகளே ஒரு வயதுக்குள் இறந்தன, பீகாரில் 27. கேரளத்தில் சராசரி ஆயுட்காலம் சுமார் 75 ஆண்டுகள். பீகாரில் சுமார் 69 ஆண்டுகள். நீண்ட நாள் வாழும் மக்களின் மாநிலத்தில் இறப்பு விகிதம் எப்படி அதிகமாக இருக்க முடியும்? அவர்கள் நீண்ட நாள் வாழ்வதே அதற்குக் காரணம். 2011-இல் கேரள மக்களில் 12.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள், பீகாரில் 7.4 சதவீதத்தினர். எந்த ஊரிலும் முதியவர்களின் இறப்பு விகிதம் இளையவர்களுடையதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே முதியவர்கள் மிகுந்த மாநிலத்தின் மொத்தக் கணக்கு மேலே போகிறது.

இரண்டு ஊர்கள், ஒரு கணக்கு

வயது எவ்வாறு உண்மையைத் தலைகீழாக்கும் என்பதைக் கற்பனையான இரண்டு ஊர்களைக் கொண்டு பார்க்கலாம். இரண்டிலும் தலா 10,000 பேர் வசிக்கின்றனர் எனக் கொள்வோம். முதலாவது, வேலை தேடி வந்தவர்கள் நிறைந்த துறைமுக ஊர். அங்கு 60 வயதுக்குட்பட்டவர்கள் 9,500 பேர். 60 வயதைக் கடந்தவர்கள் 500 பேர். இரண்டாவது, பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, பெற்றோர் தங்கிவிட்ட ஆற்றங்கரை ஊர். அங்கு 60 வயதுக்குட்பட்டவர்கள் 8,000 பேர். முதியவர்கள் 2,000 பேர்.

துறைமுக ஊரில் இளையவர்கள் 1,000 பேருக்கு 4 பேர் வீதமும், முதியவர்கள் 1,000 பேருக்கு 50 பேர் வீதமும் ஓராண்டில் இறக்கின்றனர். அதாவது இளையவர்கள் 38 பேர், முதியவர்கள் 25 பேர், ஆக மொத்தம் 63 பேர். பொது இறப்பு விகிதம் 1,000 பேருக்கு 6.3.

ஆற்றங்கரை ஊரில் இளையவர்கள் 1,000 பேருக்கு 3 பேர் வீதமும், முதியவர்கள் 1,000 பேருக்கு 40 பேர் வீதமும் இறக்கின்றனர். அதாவது இளையவர்கள் 24 பேர், முதியவர்கள் 80 பேர், ஆக மொத்தம் 104 பேர். பொது இறப்பு விகிதம் 10.4.

இளையவராயினும் முதியவராயினும், துறைமுக ஊரில் வாழ்பவருக்கே இறப்பு அபாயம் அதிகம். ஆயினும் மொத்தக் கணக்கில் ஆற்றங்கரை ஊரே ஆபத்தான இடமாகத் தெரிகிறது. அரசு அதிகாரி ஒருவர் இந்த இரு மொத்த எண்களை மட்டும் வைத்து மருத்துவ நிதியை ஒதுக்கினால், உதவி தேவைப்படும் ஊருக்கு அது போய்ச் சேராது.

சமன் செய்வது எப்படி?

இதற்கான தீர்வு எளிமையானது. இரு ஊர்களிலும் மக்களின் வயது அமைப்பு ஒன்றாகவே இருந்திருந்தால் விகிதம் என்னவாக இருக்கும் என்று கணக்கிட வேண்டும். அதற்கு இரு ஊர்களுக்கும் பொதுவான வயது அமைப்பு ஒன்று தேவை. அது ‘தர மக்கள்தொகை’ எனப்படும். உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள உலகத் தர மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம். மற்றவர்கள் 88 சதவீதம்.

துறைமுக ஊரின் இளையோர் விகிதமான 4-ஐ 0.88-ஆல் பெருக்கினால் 3.52. முதியோர் விகிதமான 50-ஐ 0.12-ஆல் பெருக்கினால் 6. இரண்டையும் கூட்டினால் 9.5. ஆற்றங்கரை ஊருக்கும் அதே முறையில் 3-ஐ 0.88-ஆலும் 40-ஐ 0.12-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 7.4. இவையே வயது சமன் செய்த இறப்பு விகிதங்கள். உண்மை நிலை இப்போது வெளிப்பட்டுவிட்டது: துறைமுக ஊரின் அபாயம் ஆற்றங்கரை ஊரைவிட 28 சதவீதம் அதிகம்.

இங்கு நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 9.5 என்பது துறைமுக ஊரில் உண்மையில் நிகழ்ந்த இறப்பு விகிதம் அன்று. அங்கு நிகழ்ந்தது 6.3 மட்டுமே. எத்தனை படுக்கைகள் வேண்டும், எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் எனத் திட்டமிடும் மருத்துவமனைக்கு உண்மையான எண்ணிக்கையே பயன்படும். சமன் செய்த விகிதம் ஒப்பிடுவதற்காக உருவாக்கப்பட்ட அளவுகோல். வேறொரு தர மக்கள்தொகையைப் பயன்படுத்தினால் அந்த எண்ணும் மாறும். முதியவர்கள் 5 சதவீதம் மட்டுமே உள்ள தர மக்கள்தொகையை எடுத்தால், இரு ஊர்களின் விகிதங்கள் முறையே 6.3 எனவும் 4.85 எனவும் அமையும். எனவே ஒரே தர மக்கள்தொகையைக் கொண்டு சமன் செய்த விகிதங்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

தேசிய புற்றுநோய்ப் பதிவகத் திட்டத்தின் அறிக்கைகளில் ஒவ்வொரு பகுதிக்கும் பொது விகிதமும் வயது சமன் செய்த விகிதமும் அருகருகே தரப்படுவது இதனால்தான். இளையவர்கள் மிகுந்த டெல்லியில் சமன் செய்த விகிதம் பொது விகிதத்தைவிட மேலே நிற்கும். முதியவர்கள் மிகுந்த கேரள மாவட்டங்களில் அது கீழே இறங்கும். 2020-இல் வெளியான அறிக்கையில், ஆண்களிடையே மிக உயர்ந்த புற்றுநோய் விகிதம் மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் பதிவானது. ஒரு லட்சம் பேருக்கு 269.4. இதுவும் வயது சமன் செய்த எண்ணே.

லண்டனில் எழுந்த விவாதம்

இந்தச் சிந்தனை 180 ஆண்டுகளுக்கு முந்தையது. 1840-களில் இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக், ஊர்களின் சுகாதார நிலையை அளக்க இறந்தவர்களின் சராசரி வயதைப் பயன்படுத்தினார். சராசரி வயது குறைவாக உள்ள ஊர் சுகாதாரமற்றது என்பது அவரது வாதம். காப்பீட்டுக் கணக்கு வல்லுநரான நீசன் 1844-இல் அதை மறுத்தார். குழந்தைகளும் இளைஞர்களும் மிகுந்த ஊரில் இறப்பவர்களிலும் அவர்களே மிகுந்திருப்பார்கள். அதனால் சராசரி வயது தானாகவே குறையும் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஒரு பகுதியின் வயதுவாரி இறப்பு விகிதங்களை மற்றொரு பகுதியின் வயது அமைப்பில் பொருத்திப் பார்க்கும் கணக்கையும் அவர் செய்து காட்டினார்.

அந்தமான் போன்ற இளமையான பகுதியில் இந்த இரு அளவுகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். பொது இறப்பு விகிதத்தைப் பார்த்தால் தீவு ஆரோக்கியமானதாகத் தெரியும். இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்தால் அதே தீவு ஆபத்தானதாகத் தெரியும். நமது துறைமுக ஊரில் இறந்த 63 பேரில் 38 பேர், அதாவது 60 சதவீதத்தினர், 60 வயதுக்குட்பட்டவர்கள். ஆற்றங்கரை ஊரில் அது 23 சதவீதமே. இந்தப் பெரும் வேறுபாட்டில் மிகுதியானது வயது அமைப்பின் விளைவே. ஒரு பகுதியில் ‘இளம் வயது மரணங்கள்’ அதிகம் என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தப் பகுதியில் இளையவர்கள் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மீண்டும் அந்தமானுக்கு

இப்போது தொடக்கத்தில் கண்ட கொரோனா எண்களுக்குத் திரும்பலாம். தீவுகளில் நிகழ்ந்தவை 129 இறப்புகள். அவற்றைப் பல வயதுப் பிரிவுகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் சில இறப்புகளே எஞ்சும்; அந்த விகிதங்கள் நிலையற்றவையாக இருக்கும். இத்தகைய சிறிய பகுதிகளுக்கு மறுதிசையிலிருந்து தொடங்கும் முறை பயன்படுகிறது. பெரிய பகுதியின் வயதுவாரி விகிதங்களைச் சிறிய பகுதியின் மக்கள்தொகையில் பொருத்தி, அங்கு எத்தனை இறப்புகளை எதிர்பார்க்கலாம் என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு உண்மையில் நிகழ்ந்ததை எதிர்பார்த்ததால் வகுக்க வேண்டும்.

தமிழகத்தின் விகிதங்களை அடிப்படையாகக் கொள்ளலாம். 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி, அதுவரை நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களில் 53 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். தமிழகத்தின் 38 ஆயிரம் இறப்புகளும் இதே அளவில் பிரிந்தன என்றும், வயது அமைப்பு 2011-இல் இருந்தவாறே இருந்தது என்றும் கொள்வோம். இவை கணக்கை விளக்குவதற்கான அனுமானங்கள். அவற்றின்படி தமிழக முதியவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 253 பேரும், மற்றவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 26 பேரும் இறந்துள்ளனர்.

அந்தமானின் 4 லட்சம் பேரில் 6.7 சதவீதம் என்றால் முதியவர்கள் 26,800 பேர். தமிழகத்தின் விகிதம் அவர்களுக்கும் பொருந்தினால் 68 பேர் இறந்திருக்க வேண்டும். மீதமுள்ள 3,73,200 பேரில் 97 பேர் இறந்திருக்க வேண்டும். ஆக எதிர்பார்க்கப்படும் இறப்புகள் 165. நிகழ்ந்தவை 129. வகுத்தால் கிடைப்பது 0.78.

வயதைக் கருதாமல் தமிழகத்தின் ஒட்டுமொத்த விகிதத்தை அப்படியே பொருத்தியிருந்தால், 200 இறப்புகளை எதிர்பார்த்திருப்போம். அப்போது அந்தமானின் உயிரிழப்பு தமிழகத்தைவிட 35 சதவீதம் குறைவு என்று தோன்றும். வயதைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு 22 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 200-க்கும் 129-க்கும் இடையிலுள்ள 71 என்ற இடைவெளியில் 35, அதாவது ஏறத்தாழ பாதி, தீவில் முதியவர்கள் குறைவாக இருந்ததால் மட்டுமே உண்டானது.

அனுமானத்தை மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் சோதிக்க வேண்டும். தமிழகத்தில் இறந்தவர்களில் முதியவர்கள் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தமானில் எதிர்பார்க்கப்படும் இறப்புகள் 156 ஆகக் குறையும்; விடை 0.83 ஆக உயரும். வயதுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுவானதோ, அவ்வளவுக்கு வயது அமைப்பின் பங்கும் பெரிதாகும்.

எஞ்சிய வேறுபாடு எதனால்?

மீதமுள்ள 22 சதவீதம் மருத்துவச் சேவையின் வெற்றிதானா? அப்படிச் சொல்வதற்கு முன் மூன்று தடைகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கையின் சிறுமை. 129 என்பது தற்செயலாகச் சற்றுக் கூடியோ குறைந்தோ அமையக்கூடிய எண். அதே சூழல் மீண்டும் நேர்ந்தால் 108 முதல் 153 வரை எதுவும் வரலாம் என்கிறது புள்ளியியல். அதன்படி 0.78 என்ற விடை 0.65-க்கும் 0.93-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். வேறுபாடு இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் அதன் அளவை உறுதியாகக் கூற இயலாது. மாதிரிப் பதிவு முறையில் சிறிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் குழந்தை இறப்பு விகிதம் மூன்று ஆண்டுகளின் விவரங்களைச் சேர்த்துக் கணக்கிடப்படுவதும் இந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதற்காகவே. பழங்குடியினரின் நிலையில் இந்தச் சிக்கல் உச்சத்தை எட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் ஓங்கே இனத்தவர் 101 பேர் மட்டுமே. ஓராண்டில் ஒருவர் இறந்தாலும் விகிதம் 1,000 பேருக்கு 10 என்றாகி, நாட்டின் சராசரியைத் தாண்டிவிடும். எவரும் இறக்காத ஆண்டில் அது பூஜ்ஜியம். எந்தச் சமன்பாடும் இதைச் சீராக்க முடியாது. அங்கு ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே ஆராய்வதே பொருளுள்ள வழி.

இரண்டாவது, வயதுப் பிரிவுகளின் அகலம். மேற்கண்ட கணக்கில் 60 வயதுக்குட்பட்ட அனைவரும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டனர். ஆனால் 10 வயதுச் சிறுவனுக்கும் 55 வயதுத் தொழிலாளிக்கும் கொரோனா ஒரே அபாயமாக இருக்கவில்லை. அமைச்சகத்தின் அதே விவரத்தில், இறந்தவர்களில் 35 சதவீதத்தினர் 45 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. எனவே நடுத்தர வயதினர் எத்தனை பேர் என்பதும் முக்கியம். அகன்ற பிரிவுகளுக்குள் வயதின் குழப்பம் ஒளிந்துகொண்டே இருக்கும். இதனால்தான் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பிரிவு எனப் பதினெட்டு பிரிவுகளாகப் பகுத்துக் கணக்கிடுவது வழக்கமாக உள்ளது. நுணுக்கமாகப் பகுத்த பின் அந்தமானின் எண் உயருமா, தாழுமா என்பதை முன்கூட்டியே ஊகிக்கக் கூடாது.

மூன்றாவது, இறப்பு எங்கே பதிவாகிறது என்பது. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒருவர் எந்த இடத்தில் இறந்தாரோ அந்த இடத்தில்தான் இறப்பு பதிவு செய்யப்படுகிறது. தீவுகளில் சிகிச்சை அளிக்க இயலாத நோயாளிகள் சென்னை உள்ளிட்ட நகரங்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில் வாழ்ந்த ஒருவர் சென்னையில் இறந்தால், அந்த இறப்பு சென்னையின் பதிவேட்டில் ஏறும். வசிப்பிடம் பார்த்து அதைத் திருப்பிச் சேர்க்காவிட்டால், தீவின் கணக்கில் ஒன்று குறையும். சென்னையின் கணக்கில் ஒன்று கூடும். ஓய்வுபெற்ற பின் சொந்த ஊர் திரும்பும் ஊழியரின் இறப்பும் தீவின் கணக்கில் வராது. எனினும் அவர் தீவின் மக்கள்தொகையிலும் இருப்பதில்லை என்பதால், வயதைச் சமன் செய்யும்போது அந்த இழப்பு பெரும்பாலும் நேராகிவிடும். மருத்துவத்துக்காகச் சென்று இறப்பவரின் நிலை வேறு. அவர் தீவின் மக்கள்தொகையில் எண்ணப்பட்டு, இறப்பில் மட்டும் விடுபடுகிறார். பதிவேட்டில் இல்லாத இறப்பை வயதுக் கணக்கால் மீட்க முடியாது.

சமன் செய்த எண்ணும் மறைக்கும்

வயது சமன் செய்த விகிதமும் ஒரு சராசரியே. ஒரு பகுதியில் குழந்தைகளின் இறப்பு அதிகமாகவும் முதியவர்களின் இறப்பு குறைவாகவும் இருந்து, மற்றொரு பகுதியில் நேர்மாறாக இருந்தால், சமன் செய்த விகிதங்கள் ஒன்றுபோல் அமைந்துவிடலாம். அத்தகைய நிலையில் எந்தத் தர மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, எந்தப் பகுதி முந்துகிறது என்பதே மாறிப்போகும். குழந்தைகள் மிகுந்த தர மக்கள்தொகை ஒரு பகுதிக்குச் சாதகமாகும். முதியவர்கள் மிகுந்தது மற்றொன்றுக்குச் சாதகமாகும். இதைக் கண்டறிய ஒரே வழி, சமன் செய்யும் முன் வயதுவாரி விகிதங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான். எல்லா வயதிலும் ஒரு பகுதியே மேலே இருந்தால் ஒற்றை எண்ணை நம்பலாம். இடையில் வரிசை மாறினால் அந்த எண்ணை விட்டுவிட்டு வயதுவாரியாகவே பேச வேண்டும்.

அந்தமானின் 129 என்ற எண்ணிலிருந்து இதுவரை உறுதியாகக் கூறக்கூடியது இதுதான்: தமிழகத்தோடு ஒப்பிடுகையில் தெரிந்த குறைவில் ஏறத்தாழ பாதி, தீவுகளின் இளமை தந்தது. மற்ற பாதியில் தற்செயலுக்கும், சென்னையில் பதிவான இறப்புகளுக்கும், தீவுகளின் நோய்த் தடுப்புப் பணிக்கும் எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தறிய, இறந்த 129 பேரின் வயதும் வசிப்பிடமும், தீவுகளிலிருந்து சிகிச்சைக்காக அனுப்பப்பட்டு வெளியூரில் இறந்தவர்களின் விவரமும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.